விடுபடாத சுட்டுகள்: குப்பை சேகரிப்பும் நினைவகக் கசிவும்



மென்பொருள் பணிக்கான நேர்காணல்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு வினாவை விரித்துப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டனர். வினா இதுதான்: “ஜாவா, சி ஷார்ப், பைத்தான், கோ போன்ற மொழிகளில் பயன்படாத நினைவகத்தை மொழியின் இயக்கச் சூழலே மீட்டுக்கொள்கிறது. அப்படியிருக்க, அம்மொழிகளில் எழுதிய நிரலில் நினைவகக் கசிவு எவ்வாறு ஏற்படுகிறது? ஏற்பட்டால் எவ்வாறு கண்டுபிடிப்பீர்கள்?” பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இதன் முதற்பாதிக்கு ஒருவாறு விடை சொல்லிவிடுகின்றனர். இரண்டாம் பாதியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். முதற்பாதியின் விடை மனப்பாடமாக மட்டுமே இருப்பதுதான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தொலைவிலேயே பிடோக் பேருந்து முனையத்தையொட்டி உணவங்காடி நிலையம் இருக்கிறது. மதிய வேளையில் அங்கே மேசை கிடைப்பது எளிதன்று. ஆகையால் நம்மவர் என்ன செய்கிறோம்? ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்து “சோப்” செய்துவிட்டு, வரிசையில் நிற்கப் போகிறோம். பொட்டலம் இருக்கும் மேசையில் வேறு யாரும் அமர்வதில்லை. துப்புரவாளரும் அதைத் தொடுவதில்லை. பொட்டலத்தை வைத்தவர் மனம் மாறி வேறு கடைக்குப் போய் அங்கேயே உண்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேசை இனி அவருக்குத் தேவையில்லை. ஆனால் துப்புரவாளருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குப் பொட்டலம் மட்டுமே தெரிகிறது. அது இருக்கும் வரை மேசைக்கு உரியவர் உண்டென்றே அவர் கொள்ள வேண்டும்.

குப்பை சேகரிப்பான் அந்தத் துப்புரவாளரைப் போன்றது. நிரல் ஓடும்போது உருவாகும் பொருள்கள் எல்லாம் ஹீப் எனப்படும் நினைவகப் பரப்பில் இடம்பெறுகின்றன. ஒரு பொருள் இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்பைச் சுட்டு என்போம். சேகரிப்பான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பொருளை எங்கிருந்தாவது சுட்டுகளைப் பின்பற்றிச் சென்று அடைய முடியுமா? “இது நிரலுக்கு இனித் தேவைப்படுமா?” என்று அது கேட்பதில்லை. நிரல் இனி என்ன செய்யும் என்பதை முழுமையாக முன்கூட்டி அறிவது எந்த இயந்திரத்துக்கும் இயலாத செயல் என்பது கணிதமுறையில் நிறுவப்பட்ட உண்மை. ஆகவே அடையக்கூடியது எதுவோ அதெல்லாம் தேவைப்படலாம் என்று பாதுகாப்பாகக் கொள்கிறது. “அடையக்கூடியது” என்பதற்கும் “தேவையானது” என்பதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் நினைவகக் கசிவு வாழ்கிறது. நேர்காணலின் முதற்பாதிக்கு இந்த ஒரு வாக்கியமே போதுமான விடை.

அடையும் பயணம் எங்கிருந்து தொடங்குகிறது? வேர்கள் எனப்படும் சில இடங்களிலிருந்து. இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் இழையின் அடுக்கிலும் உள்ள உள்ளக மாறிகள் ஒரு வகை வேர். வகுப்புகளின் `static` புலங்கள் இன்னொரு வகை. இவற்றிலிருந்து புறப்பட்டு, ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குச் சுட்டு வழியே நடந்து, கண்ட ஒவ்வொன்றின்மீதும் ஒரு குறியிட்டுச் செல்கிறது சேகரிப்பான். நடை முடிந்தபின் குறி பெறாதவை அனைத்தும் குப்பை. இந்தக் குறியிட்டுப் பெருக்கும் முறையை ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக வகுத்து 1960-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு முறையை முன்வைத்தார். ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுட்டுவோர் எத்தனை பேர் என்று எண்ணி வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை சுழியமானால் அந்த இடம் அக்கணமே விடுவிக்கப்படும்.

இங்கே ஒரு பொய்யான விடையைக் களைந்துவிட வேண்டும். “இரு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டால் ஜாவாவில் கசிவு ஏற்படும்” என்று மாணவர் சிலர் சொல்வதுண்டு. எண்ணும் முறையில் அது உண்மை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் எண்ணிக்கை எப்போதும் சுழியத்தை எட்டாது. அதனால்தான் எண்ணும் முறையைப் பின்பற்றும் சிபைத்தான், வட்டங்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே தனியொரு சேகரிப்பானையும் கூடவே வைத்திருக்கிறது. ஜாவாவோ வேரிலிருந்து நடந்து பார்க்கும் முறையைப் பின்பற்றுகிறது. வேரிலிருந்து வழியில்லாத வட்டம் எத்தனை பெரிதாயினும் குறி பெறாது, குப்பையாகவே போகும்.

நடையின் செலவைப் பற்றியும் ஒரு சொல். சேகரிப்பான் குறியிடுவது உயிருள்ள பொருள்களை மட்டுமே. ஆகவே அதன் உழைப்பு பெரும்பாலும் எஞ்சி நிற்பவற்றின் அளவைப் பொறுத்தது. குப்பையின் அளவைப் பொறுத்ததன்று. பெரும்பாலான பொருள்கள் பிறந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப் போகின்றன என்ற கவனிப்பின்மீது எழுந்ததே தலைமுறைச் சேகரிப்பு. புதிய பொருள்களை இளந்தலைமுறை என்னும் சிறு பரப்பில் வைத்து, அதை மட்டும் அடிக்கடிப் பார்த்து, பிழைத்த சிலவற்றை முதுதலைமுறைக்கு மாற்றுவார்கள். முதுதலைமுறையை எப்போதாவதுதான் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும், கசிவு இல்லாத வரை.

இத்துறையில் தமிழகத்திலிருந்து வந்த ஒரு பங்களிப்பை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். ஓகேமல் என்னும் மொழி நெடுங்காலம் ஒரே நேரத்தில் ஒரே கருவகத்தில் மட்டுமே இயங்கக்கூடியதாக இருந்தது. பல கருவகங்களில் இயங்குமாறு அதை மாற்றும் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே.சி. சிவராமகிருஷ்ணன். அம்முயற்சியின் விளைவாக ஓகேமல் 5.0 பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. அக்குழுவினர் இளந்தலைமுறைக்கு இருவகைச் சேகரிப்பான்களைக் கட்டி ஒப்பிட்டு 2020-இல் கட்டுரை வெளியிட்டனர். ஒன்றில் ஒவ்வொரு கருவகமும் மற்றவற்றை நிறுத்தாமல் தன் பகுதியைத் தானே துப்புரவு செய்யும். மற்றதில் எல்லாக் கருவகங்களும் ஒரு கணம் நின்று, சேர்ந்து துப்புரவு செய்துவிட்டுப் போகும். முதலாவது கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே சி மொழியில் எழுதப்பட்டிருந்த இணைப்பு நிரல்களை உடைக்கும். இரண்டாவதோ வேகத்தில் ஏறக்குறைய ஈடுகொடுத்ததோடு பழைய நிரல்களையும் காப்பாற்றியது. எனவே அதையே தேர்ந்தனர். “எந்தச் சேகரிப்பான் சிறந்தது?” என்று யாரேனும் கேட்டால், எதற்குச் சிறந்தது என்று திருப்பிக் கேட்பதே முறை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனிக் கசிவுக்கு வருவோம். நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்ச்சி 2005 அக்டோபர் 8 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு நடத்திய போட்டி அது. 132 மைல் தூரத்தை மனிதத் தலையீடின்றிக் கடக்க வேண்டும். ஐந்து வண்டிகள் கடந்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி முதலிடம் பெற்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டியும் களத்தில் இருந்தது. அதன் பெயர் பிராஸ்பெக்ட் இலெவன். அதன் மென்பொருள் சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. அந்த வண்டி ஏறத்தாழப் பத்து மைல் அளவிலேயே நின்றுபோனது.

காரணம் பின்னர் தெரியவந்தது. வண்டியின் புகைப்படக் கருவிகள் முன்னே உள்ள புதர், பாறை போன்ற தடைகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை உருவாக்கும். வண்டி நகரும்போது அத்தடைகளின் சார்புநிலை மாறுவதால், ஒவ்வொரு தடைப்பொருளும் நிலைமாற்ற நிகழ்வு ஒன்றுக்குத் தன்னைப் பதிவு செய்துகொண்டது. தடையைக் கடந்தபின் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பட்டியல் சுட்டு போயிற்று. ஆனால் நிகழ்வுப் பதிவு அப்படியே இருந்தது. நிகழ்வை வெளியிடும் பொருள், தன்னிடம் பதிந்த அனைவரையும் சுட்டிக்கொண்டேயிருக்கும். வெளியிடும் பொருளோ நிரல் ஓடும் வரை உயிருடன் இருப்பது. ஆகவே கடந்துபோன ஒவ்வொரு புதரும் கணினியின் நினைவகத்தில் தங்கிவிட்டது. அத்தோடு நில்லாமல், ஒவ்வொரு முறை நிகழ்வு எழும்போதும் என்றோ கடந்த புதர்களெல்லாம் தங்கள் நிலையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. நினைவகம் மட்டுமன்றிச் செயலியும் மெல்ல மெல்லக் கரைந்தது.

இந்நிகழ்ச்சியில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது சுட்டின் திசை. `publisher.Moved += this.OnMoved` என்று எழுதும்போது, பதிந்துகொள்பவரே வெளியிடுபவரைப் பிடித்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் வெளியிடுபவர்தான் பதிந்தவரைப் பிடித்திருக்கிறார். பதிந்தவரின் ஆயுள் குறைவாகவும் வெளியிடுபவரின் ஆயுள் நீண்டதாகவும் இருந்தால் கசிவு உறுதி. தடையைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதே இடத்தில் `-=` கொண்டு பதிவையும் நீக்கினால் தீர்ந்தது. நேர்காணலில் இத்திசையை ஒரு படமாக வரைந்து காட்டுகிறவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அடுத்து, கண்டுபிடிக்கும் முறை. நம் ஊருக்கேற்ற ஒரு கற்பனைச் சேவையை எடுத்துக்கொள்வோம். பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் சிறு வழங்கி ஒன்றை ஜாவாவில் ஒரு மாணவர் எழுதுகிறார். பிடோக் முனையத்துக்குரிய நிறுத்த எண் 84009. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து தகவலைக் கேட்டு வாங்க நேரம் பிடிக்கும் என்பதால், வாங்கிய விடையை ஓர் இடைச்சேமிப்பில் வைக்க நினைக்கிறார்.

```java
static final Map<String, String> cache =
    new ConcurrentHashMap<>();

static String arrival(String stop) {
    String key = stop + "|" + System.currentTimeMillis();
    return cache.computeIfAbsent(key, k -> fetch(stop));
}
```

விடை பழையதாகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நேரத்தையும் திறவுகோலில் சேர்த்துவிட்டார். நேரம் மில்லிநொடிக் கணக்கில் இருப்பதால் ஒரே திறவுகோல் இரண்டாம் முறை வருவது அரிதினும் அரிது. சேமித்த எதுவும் மறுபடி எடுக்கப்படுவதில்லை. எதுவும் நீக்கப்படுவதும் இல்லை. `cache` ஒரு `static` புலம், ஆகவே அது வேர். அதிலிருந்து எல்லா விடைகளையும் அடையலாம். மேசைகள்தோறும் டிஷ்யூ பொட்டலம்!

நிரல் பிழையின்றி இயங்கும். சோதனைகளும் தேறும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விடையும் அதன் திறவுகோலும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோபைட் என்க. நொடிக்கு 20 வேண்டுகோள் வந்தால் நொடிக்கு 60 கிலோபைட் தங்குகிறது. மணிக்கு 216 மெகாபைட். ஹீப்பின் உச்சவரம்பு 2000 மெகாபைட், தொடக்கத்தில் உண்மையாகத் தேவைப்படுவது 300 மெகாபைட் என்று கொண்டால், மீதி 1700 மெகாபைட் நிரம்ப எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வழங்கி, பிற்பகல் ஒரு மணிக்கு முன் `OutOfMemoryError` என்று அறிவித்து விழும். மறுபடி இயக்கினால் மறுபடி எட்டு மணி நேரம். “மதியம்தோறும் விழுகிறது, மதியக் கூட்டத்தால்தான்” என்று தவறான காரணத்தைக் கண்டுபிடிக்க இதுவே போதும்.

விழுவதற்கு முன்பே பயனர் குறை சொல்லத் தொடங்கிவிடுவர். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, தலைமுறைகளை ஒரு கணம் மறந்து எளிய கணக்கொன்று செய்வோம். நிரல் நொடிக்கு 10 மெகாபைட் அளவுக்குத் தற்காலிகப் பொருள்களை உருவாக்குகிறது. காலையில் 1700 மெகாபைட் காலியிடம் இருப்பதால் 170 நொடிக்கு ஒருமுறை துப்புரவு போதும்; அப்போது 300 மெகாபைட்டைக் குறியிட வேண்டும். 12.24 மணியளவில் தங்கியது 1900 மெகாபைட், காலியிடம் 100. இப்போது 10 நொடிக்கு ஒருமுறை துப்புரவு. ஒவ்வொரு முறையும் 1900 மெகாபைட்டைக் குறியிட வேண்டும். துப்புரவு 17 மடங்கு அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொன்றும் ஆறு மடங்கு பெரிதாகிறது. ஆக, அதே வேண்டுகோள்களுக்குச் சேகரிப்பானின் உழைப்பு நூறு மடங்கைத் தாண்டுகிறது. கசிவுள்ள நிரல் சாவதற்கு முன் நோயுறுவது இவ்வாறுதான். காலியிடம் சுழியத்தை நெருங்க நெருங்க, நிரல் தன் வேலையைவிடத் துப்புரவிலேயே காலத்தைக் கழிக்கும். ஜாவாவின் இணைச் சேகரிப்பான் 98 விழுக்காட்டு நேரத்தைத் துப்புரவில் செலவிட்டும் ஹீப்பில் 2 விழுக்காடுகூட மீட்க முடியாதபோது `GC overhead limit exceeded` என்று சொல்லி நிறுத்திக்கொள்வது இந்த நிலைமையைத்தான்.

எனவே நேர்காணலில் “சேவை நாளடைவில் மெதுவாகிறது, மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், உடனே நிரலைத் திறந்து படிப்பேன் என்று சொல்ல வேண்டா. முதலில் கசிவா என்று உறுதிசெய்ய வேண்டும். `-Xlog:gc` என்னும் விருப்பத்தோடு நிரலை ஓட்டினால் ஒவ்வொரு துப்புரவுக்கும் ஒரு வரி கிடைக்கும். அதில் இவ்வாறு ஒரு பகுதி இருக்கும்:

```
820M->540M(2000M) 9.214ms
```

துப்புரவுக்கு முன் 820, பின் 540, மொத்தம் 2000 மெகாபைட், நிறுத்திய நேரம் 9 மில்லிநொடி என்று பொருள். வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்களைப்போல் ஏறி இறங்கும். பற்களின் மேல்முனைகள் நமக்கு எதையும் சொல்வதில்லை. அவை சேகரிப்பான் எப்போது விழித்தது என்பதை மட்டுமே காட்டும். கீழ்முனைகளையே பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அவை ஐந்து மணிக்கு 300, ஆறு மணிக்கு 516, ஏழு மணிக்கு 732 என்று ஏறிச் செல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை: இளந்தலைமுறையை மட்டும் துப்புரவு செய்தபின் உள்ள எண்ணில், முதுதலைமுறையில் இன்னும் பார்க்கப்படாத குப்பையும் அடங்கியிருக்கும். எனவே முதுதலைமுறையும் துப்புரவான பின் வரும் கீழ்முனைகளை மட்டும் இணைத்துக் கோடு போட வேண்டும். அக்கோடு சில மணி நேரம் ஏறிப் பின் சமநிலை அடைந்தால், அது வரம்புள்ள இடைச்சேமிப்பு நிரம்பியதாக இருக்கலாம். முடிவின்றி ஏறினால் கசிவு.

கசிவு உறுதியானபின், பெருகுவது எது என்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமே அதைக் கேட்கலாம்:

```
jcmd <pid> GC.class_histogram
```

வகுப்புவாரியாக எத்தனை பொருள்கள், எத்தனை பைட் என்ற பட்டியல் வரும். இக்கட்டளை முழுத் துப்புரவு ஒன்றையும் செய்துவிட்டே எண்ணும் என்பதால், மக்கள் பயன்பாட்டில் உள்ள பெரிய சேவையில் சற்று நேரம் எல்லாம் நின்றுபோகும். அதை அறிந்தே செய்ய வேண்டும். பட்டியலின் தலையில் பெரும்பாலும் `[B`, அதாவது பைட் அணிகள், நிற்கும். நலமான நிரலிலும் அதுவே நிற்கும். அதைக் கண்டு முடிவு கட்டலாகாது. ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை எடுத்துக் கழித்துப் பார்ப்பதே பயன் தரும். நம் எடுத்துக்காட்டில், ஒரு மணி நேரத்தில் 72,000 வேண்டுகோள்கள். ஆகவே `ConcurrentHashMap$Node` ஏறத்தாழ 72,000 கூடியிருக்கும். `String` அதைப்போல் இருமடங்கு, ஏனெனில் திறவுகோலும் விடையும் ஒவ்வொரு சரம். பைட் அணிகளும் இருமடங்கு, ஏனெனில் ஒவ்வொரு சரத்துக்குள்ளும் ஓர் அணி. ஒன்றுக்கு இரண்டு இரண்டு என்ற இந்த விகிதமே, சரத்துக்குச் சரத்தை ஒப்பும் ஏதோ ஒரு வரைபடம் வளர்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுகோள்களின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போவது இன்னொரு தடயம்.

எந்த வரைபடம் என்பதற்கு ஹீப்பின் முழுப் படியை எடுக்க வேண்டும். `jcmd <pid> GC.heap_dump heap.hprof` அதைக் கோப்பாக எழுதித் தரும். எக்லிப்ஸ் மெமரி அனலைசர் போன்ற கருவியில் அக்கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவுகள் தெரியும். முதலாவது அந்தப் பொருள் மட்டும் பிடிக்கும் இடம். இரண்டாவது, அந்தப் பொருள் இல்லாமற்போனால் கூடவே விடுபடும் இடம் முழுவதும். நம் `cache` பொருள் தனியளவில் சில பத்து பைட்டுகளே. ஆனால் அது விடுபட்டால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெகாபைட் விடுபடும். இரண்டாவது அளவின்படி வரிசைப்படுத்தினால் குற்றவாளி முதல் வரியிலேயே நிற்பார். பிறகு அதிலிருந்து வேர் வரை உள்ள சுட்டுப் பாதையைக் காட்டுமாறு கருவியைக் கேட்டால், எந்த வகுப்பின் எந்த `static` புலம் என்று பெயரோடு வரும். நிரல்வரிகளை நாம் திறப்பது இப்போதுதான்.

திருத்தம் எளியது. நேரத்தைத் திறவுகோலிலிருந்து எடுத்து, மதிப்போடு வைக்க வேண்டும்.

```java
record Entry(String body, long at) {}
static final Map<String, Entry> cache =
    new ConcurrentHashMap<>();

static String arrival(String stop) {
    long now = System.currentTimeMillis();
    return cache.compute(stop, (k, old) ->
        old != null && now - old.at() < 20_000
            ? old : new Entry(fetch(k), now)).body();
}
```

இருபது நொடிக்குள் கேட்டால் பழைய விடை. அதன்பின் கேட்டால் புதியது பழையதன் இடத்தைப் பிடிக்கும். பழைய விடையைச் சுட்டுவோர் இல்லாமற்போவதால் சேகரிப்பான் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு விடை என்பதால் இடைச்சேமிப்பு, நிறுத்தங்களின் எண்ணிக்கைக்கு மேல் வளராது. அப்படித்தானே?

இந்த இடத்தில் ஒரு நல்ல நேர்காணலாளர் புன்னகைத்துக்கொண்டு, “`stop` என்பதை யார் தருகிறார்?” என்று கேட்பார். பயனர் தருகிறார். பயனர் தட்டச்சுப் பிழையாக எதையும் அனுப்பலாம். குறும்புக்காரர் ஒருவர் இலட்சக்கணக்கில் பொய்யான எண்களை அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு உருவாகும். கசிவு வேறு வாசலால் உள்ளே வந்துவிட்டது. ஆகவே நிறுத்த எண்ணை அறிந்த பட்டியலோடு ஒப்பிட்டபிறகே உள்ளே விட வேண்டும். அல்லது இடைச்சேமிப்புக்கு உச்ச எண்ணிக்கை ஒன்றை வைத்து, அதை மீறினால் நெடுநாள் தொடப்படாததை நீக்க வேண்டும். இடைச்சேமிப்பு என்று எவரேனும் சொன்னால், அதன் வரம்பு என்ன, எது வெளியேற்றும் என்ற இரு கேள்விகளை நான் எப்போதும் கேட்பேன். இரண்டுக்கும் விடையில்லாதது இடைச்சேமிப்பன்று. பெயர் மாற்றிய கசிவு.

பலவீனச் சுட்டைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் எழும். சேகரிப்பான் பொருட்படுத்தாத சுட்டு அது. மற்ற சுட்டுகள் போய்விட்டால், இது இருந்தாலும் பொருள் நீக்கப்படும். நிகழ்வுப் பதிவு போன்ற இடங்களில் அதற்கு நியாயமான பயன் உண்டு. ஆனால் இங்கே `WeakHashMap` உதவாது. அது திறவுகோலைத்தான் பலவீனமாகப் பிடிக்கிறது. ஒவ்வொரு வேண்டுகோளிலும் `stop` என்னும் சரம் புதிதாக உருவாகி, வேண்டுகோள் முடிந்ததும் சுட்டுவோரின்றிப் போவதால், அடுத்த துப்புரவில் பதிவே மறைந்துவிடும். கசிவு நிற்கும், இடைச்சேமிப்பும் கிட்டத்தட்ட நின்றுபோகும். எத்தனை நேரம் வைத்திருப்பது என்று நாம் எடுக்க வேண்டிய முடிவைச் சேகரிப்பானின் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

கடைசியாக ஒரு வேறுபாடு. வழங்கி விழுந்தது என்ற செய்தி மட்டும் வந்தால், எவ்வாறு விழுந்தது என்று பார்க்க வேண்டும். `OutOfMemoryError` என்பது ஹீப்பின் வரம்பை நிரலே எட்டிவிட்டதாகச் சொல்வது. `-XX:+HeapDumpOnOutOfMemoryError` என்று முன்கூட்டியே வைத்திருந்தால், விழும் கணத்திலேயே முழுப்படி கிடைத்துவிடும். அதற்கு மாறாக, நிரல் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துபோயிருந்தால், பெரும்பாலும் இயக்கமுறைமையோ கொள்கலமோ அதைக் கொன்றிருக்கும். ஹீப்புக்கு வெளியேயும் நினைவகம் செலவாகிறது: இழைகளின் அடுக்குகள், நேரடி இடையகங்கள், சி மொழி நூலகங்கள். 2000 மெகாபைட் ஹீப்பை 2000 மெகாபைட் கொள்கலத்தில் வைத்தால், கசிவே இல்லாவிட்டாலும் ஒருநாள் கொல்லப்படும். அப்போது ஹீப் படியில் எத்தனை தேடினாலும் எதுவும் கிடைக்காது; தேட வேண்டிய இடம் வேறு.

மாணவர்களிடம் வினாக்கள் இருக்கும் என்று நம்புகிறேன், எழுப்பலாம்.